போர் விமானிக்கு நினைவுரை எழுதுவது

போன மாதம் ஒரு இளம் விமானி போனில் அழைத்தார். அவருடைய ஸ்க்வாட்ரனில், அதாவது விமானப்படையில் அவர் இருக்கும் படைப்பிரிவில், ஒருவர் விபத்தில் இறந்துவிட்டார். இறந்தவரின் ஊரில் நினைவு ஆராதனை வைக்கிறார்கள், ஸ்க்வாட்ரன் சார்பில் இவர்தான் பேச வேண்டும். "சார், நீங்கள் ஒருமுறை இப்படிப் பேசியிருக்கிறீர்களாமே, எப்படி எழுதுவது?" என்றார். அவரிடம் சொன்னதைத்தான் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

நான் பேசியது தொண்ணூறுகளில். என் நண்பனும் நானும் அசாமின் தேஜ்பூரில் ஒன்றாக மிக்-21 போர் விமானப் பயிற்சி முடித்து, ஒரே ஸ்க்வாட்ரனுக்குப் போனவர்கள். அவனுக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம், சிஎஸ்ஐ குடும்பம். அங்கே போய்த் தமிழில் பேச ஸ்க்வாட்ரனில் வேறு ஆள் இல்லாததால் வேலை என்னிடம் வந்தது. ராணுவ மரியாதையெல்லாம் முன்பே முடிந்திருந்தது. தேசியக் கொடி போர்த்திய பெட்டி, துப்பாக்கிகளைத் தலைகீழாகப் பிடித்து நிற்கும் வீரர்கள், பியூகிளில் லாஸ்ட் போஸ்ட் என்று அந்தச் சடங்கில் யாரும் அதிகம் பேசுவதில்லை, பேசவும் தேவையில்லை. பேச்சு என்பது அதற்குப் பிறகு, சபையில் சொந்தபந்தம் கூடி உட்காரும்போது வருவது. அங்கே எனக்கு முன்னால் அவனுடைய ஆச்சி இருப்பார், பள்ளிக்கூட வாத்தியார் இருப்பார். பின்வரிசையில் தமிழ் தெரியாத நாலைந்து விமானிகளும் சீருடையில் இருப்பார்கள்.

முதலில், எதைப் பேசக் கூடாது என்று முடிவு செய்துகொண்டேன். விமானப்படையில் விமானம் விழுந்தால் உடனே விசாரணைக் குழு அமைப்பார்கள். விமானத்தின் பராமரிப்புப் பதிவான ஃபார்ம் 700, விமானியின் லாக் புக், அன்றைக்கு யார் எந்தப் பயிற்சிக்குப் போக அனுமதி தந்தார்கள் என்ற புத்தகம் எல்லாவற்றையும் எடுத்துப் பூட்டிவிடுவார்கள். முடிவு வர மாதங்கள் ஆகும். அதுவரை காரணம் யாருக்கும் தெரியாது. தெரிந்த மாதிரி பேசுபவர்கள் மட்டும் நிறையப் பேர் இருப்பார்கள்.

இதில் எனக்கு உறுத்துகிற ஒரு வழக்கம் உண்டு. போர் விமானம் விழுந்த மறுநாள், 'ஊர்மேல் விழாமல் வயல் பக்கம் திருப்பிவிட்டு உயிரைக் கொடுத்தார்' என்று செய்தி வந்துவிடும். சில விபத்துகளில் அது உண்மையாகவே நடந்திருக்கிறது. ஆனால் விசாரணை முடியும் முன் அதைச் சொல்வதற்கு யாரிடமும் ஆதாரம் இருக்காது. நண்பனுடைய சித்தப்பா அப்படி ஒரு பத்திரிகைத் துண்டைக் கொண்டுவந்து, "இதையும் சேர்த்துச் சொல்லுங்க தம்பி" என்றார். ஆசையாகத்தான் கேட்டார். நான் சேர்க்கவில்லை. பிறகு வரும் அறிக்கை வேறு எதையாவது சொன்னால், குடும்பம் இரண்டாவது முறையும் அடிபடும். "விசாரணை நடக்கிறது சித்தப்பா, சீருடையோடு நின்று நான் அதைச் சொல்லக் கூடாது" என்றேன். அவருக்குப் புரிந்தது.

விமானத்தைத் திட்டுவதும் இதே கணக்குதான். மிக்-21-க்குப் பத்திரிகைகள் வைத்த 'பறக்கும் சவப்பெட்டி' என்ற பட்டப்பெயர் அந்த வீட்டுக்குள்ளும் வந்திருந்தது. அவன் அம்மாவுக்கு அந்த விமானத்தின்மேல் தாங்க முடியாத கோபம். அந்தக் கோபத்தைக் குறை சொல்ல நான் யார்? 1963-இல் நம்மிடம் வந்து, 2025 செப்டம்பர் 26-இல் சண்டிகரில் விடைபெற்ற விமானம் அது. அதைப் பற்றி எனக்கும் அபிப்பிராயங்கள் உண்டு, ஆனால் நினைவுரை அதற்கான இடமாக எனக்குத் தோன்றவில்லை. 'தனக்குப் பிடித்த வேலையைச் செய்துகொண்டே போனான்' என்ற வரியையும் நான் எழுதவில்லை. எங்களுக்குள் அது ஆறுதலாக இருக்கலாம். பெற்றவளிடம் அதைச் சொன்னால், "அந்த வேலை பிடிக்காமலே இருந்திருக்கலாமே" என்றுதான் அவருக்குத் தோன்றும்.

ஆராதனைக்கு முந்தின நாள் சாயங்காலம் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, அவனுக்கு வலிச்சிருக்குமா?" என்று கேட்டார். இந்தக் கேள்வி எப்போதும் வரும். போகும் முன்னாலேயே தளத்தின் டாக்டரைப் பார்த்து, குடும்பம் கேட்டால் எதை உறுதியாகச் சொல்லலாம் என்று கேட்டு வைத்துக்கொண்டு போங்கள். நான் கேட்டு வைத்திருந்ததால், டாக்டர் சொன்னதை அப்படியே அம்மாவிடம் சொன்னேன், கூட ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. மேடையில் அதைத் தொடவில்லை.

சரி, இத்தனையும் போனால் பேச என்ன இருக்கிறது? குடும்பத்துக்குத் தெரியாத ஒன்று நம்மிடம் இருக்கிறது. மகன் விமானம் ஓட்டுகிறான் என்று அவர்களுக்குத் தெரியும். காலையில் போய் அவன் என்ன செய்தான், எப்படிச் செய்தான் என்பதை யாரும் பார்த்ததில்லை. அவன் நல்ல பிள்ளை, பாசக்காரன், சபையில் பாட்டுப் பாடுவான் என்பதையெல்லாம் சொந்தக்காரர்கள் நம்மைவிட நன்றாகச் சொல்வார்கள். அவன் வேலையை மட்டும் நாம்தான் சொல்ல முடியும். அதனால் ஒரே ஒரு பறத்தலை எடுத்துக்கொண்டு, அதை ஆச்சிக்குப் புரிகிற மாதிரி சொல்வது என்று தீர்மானித்தேன்.

அவனுடைய லாக் புக் விசாரணையில் இருந்ததால், என்னுடையதைப் புரட்டினேன். லாக் புக்கில் பெரிதாக ஒன்றும் இருக்காது. தேதி, விமான எண், என்ன பயிற்சி, எத்தனை நிமிடம், அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு வரியைப் பார்த்ததும் மற்றதெல்லாம் நினைவுக்கு வந்துவிடும். அப்படி ஒரு மழைக்கால நாள் கிடைத்தது. அன்று அவன் லீடர், நான் நம்பர் டூ. திரும்பி வரும்போது என் ரேடியோ செத்துப்போனது.

என் முதல் வரைவு விமானிகளுக்கு எழுதியது போல இருந்தது. ஆர்டி ஃபெயிலியர், லெட் டவுன், ஓவர்ஷூட் என்று வாக்கியத்துக்கு ஒன்று. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஒவ்வொரு சொல்லுக்கும் பதிலாக, அந்த நேரத்தில் கண்ணுக்கு என்ன தெரிந்தது, கை என்ன செய்தது என்று எழுதினேன். 'லீடர்', 'நம்பர் டூ' இரண்டை மட்டும் வைத்துக்கொண்டேன். இரண்டும் கேட்டவுடனே புரிகிறவை. கடைசியில் சபையில் வாசித்த பகுதி இது:

"இரண்டு விமானம் சேர்ந்து போனால், முன்னால் போகிறவர் லீடர், பக்கவாட்டில் சற்றுப் பின்னால் வருகிறவர் நம்பர் டூ. அன்றைக்கு உங்கள் பிள்ளை லீடர். பயிற்சி முடிந்து திரும்பும்போது நம்பர் டூவின் ரேடியோ வேலை செய்யவில்லை. கீழே முழுக்க மேகம். ரேடியோ இல்லாமல் தனியாக அதற்குள் இறங்கி ஓடுபாதையைக் கண்டுபிடிப்பது ஆபத்து. பெட்ரோல் பங்க் பக்கத்தில் இல்லை, அதிக நேரம் சுற்றிக்கொண்டிருக்கவும் முடியாது.

"நம்பர் டூ பக்கத்தில் வந்து, ஹெல்மெட்டில் காது இருக்கும் இடத்தைத் தட்டிக் காட்டினார். உங்கள் பிள்ளை பார்த்தான். முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க், கண்ணுக்கு மேலே கறுப்புக் கண்ணாடி, அதனால் முகம் தெரியாது. தெரிந்தது ஹெல்மெட்டும் கையுறையும்தான். கையால் 'என்னோடு ஒட்டிக்கொள்' என்று காட்டினான். இரண்டு பேருக்கும் சேர்த்து அவனே தரையோடு பேசினான்.

"மேகத்துக்குள் போனதும் நம்பர் டூவுக்கு வேறெதுவும் தெரியாது. கொட்டுகிற மழையில் முன்னால் போகிற லாரியின் பின்விளக்கை மட்டும் பார்த்து வண்டி ஓட்டுவீர்களே, அப்படித்தான். சில மீட்டர் தள்ளி அவன் இறக்கையின் நுனி, அதில் ஒரு விளக்கு. அந்த விளக்கைவிட்டு ஒரு நொடி கண்ணை எடுத்தாலும் ஆளைத் தொலைத்துவிடுவோம்.

"இதில் லீடர் என்ன செய்கிறார் என்பதைச் சொல்ல வேண்டும். அவர் சட்டென்று திரும்பினால், பின்னால் வருகிறவரால் கூடவே திரும்ப முடியாது. அவர் முழு வேகம் வைத்துவிட்டால், பின்தங்கியவருக்கு எட்டிப் பிடிக்க வேகம் மிச்சம் இருக்காது. அதனால் நல்ல லீடர் கொஞ்சமாகச் சாய்ந்து திரும்புவார், தன் இன்ஜினில் கொஞ்சத்தை எப்போதும் மிச்சம் வைப்பார். உங்கள் பிள்ளை அன்றைக்குத் திரும்பிய ஒவ்வொரு திருப்பமும் அவ்வளவு மெதுவாக இருந்தது. சக்கரம் இறக்க வேண்டிய நேரம் வந்தபோது, முதலில் கையால் காட்டினான். பிறகு தலையை ஒருமுறை நன்றாக ஆட்டினான். அந்த ஆட்டலில் இரண்டு விமானத்திலும் ஒரே நேரத்தில் சக்கரம் இறங்கியது.

"மேகத்துக்குக் கீழே வந்ததும் நேர் எதிரே ஓடுபாதை. அவன் அதை விரலால் சுட்டிக் காட்டினான். நம்பர் டூவை முதலில் இறங்கவிட்டு, தான் மேலே ஏறி, ஒரு சுற்றுச் சுற்றி வந்து பிறகு இறங்கினான். இது சாகசம் என்று நான் சொல்லவில்லை. எல்லா லீடர்களும் இப்படிச் செய்யத்தான் பயிற்சி பெறுகிறோம். ஆனால் அந்த மெதுவான திருப்பங்கள் எல்லோருக்கும் வருவதில்லை."

கடைசி மூன்று வாக்கியங்களை வேண்டுமென்றே வைத்தேன். 'என் உயிரைக் காப்பாற்றினான்' என்று எழுதியிருந்தால் கூட்டம் கண்ணீர்விட்டிருக்கும். ஆனால் பின்வரிசை விமானிகளுக்கு யாராவது மொழிபெயர்த்துச் சொல்வார்கள், அவர்களுக்கு அது மிகை என்று தெரிந்துவிடும். ரேடியோ போன நம்பர் டூவை லீடர் கூட்டி வந்து இறக்கிவிடுவது எங்களுக்கு எழுதி வைத்த நடைமுறை. நடைமுறைக்குள்ளேயே ஒருவன் எப்படித் தனியாகத் தெரிந்தான் என்று சொன்னால், அதைக் கேட்கிற எந்த விமானியும் தலையாட்டுவான். நம்பர் டூ நான்தான் என்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கூட்டம் என்னைப் பார்த்திருக்கும்.

அந்த நாளில் இன்னொரு துண்டும் உண்டு. தரையிறங்கியபின், பறந்ததை அலசும் டீபிரீஃபில் எல்லாம் பேசி முடித்த பிறகு அவன் மெல்லக் கேட்டான்: "மேகத்துக்குள்ள உனக்கு எந்தப் பக்கம் சாயுற மாதிரி இருந்துச்சு?" மேகத்துக்குள் போனால் காது ஏமாற்றும், விமானம் நேராகப் போனாலும் சாய்ந்து திரும்புவது போலவே இருக்கும். "இடது பக்கம்" என்றேன். "எனக்கும்தான்" என்றான். முழு நேரமும் அவனுக்கும் அதே மயக்கம் இருந்திருக்கிறது. அவன் மீட்டர்களை நம்பி ஓட்டினான், நான் அவனை நம்பி ஓட்டினேன். இதைச் சபையில் சொல்ல எனக்கு ஆசை. சொல்லாமல் விட்டேன். விமானிக்கு மேகத்தில் தலை தடுமாறும் என்ற செய்தியை, விபத்துக்குக் காரணம் தேடிக்கொண்டிருக்கும் மனங்களுக்கு நடுவே போட்டால், அது எங்கே போய் ஒட்டிக்கொள்ளும் என்று நமக்கே தெரியும். எழுதிய ஒவ்வொரு வரியையும் இந்தக் கண்ணோடு ஒருமுறை படித்துப் பாருங்கள். உரையைக் கொடுத்து ஃப்ளைட் கமாண்டரையும், ஸ்க்வாட்ரனின் தலைமை அதிகாரியான சிஓவையும் படிக்கச் சொல்லுங்கள். எனக்கு சிஓ ஒரு வாக்கியத்தை அடித்துத் தந்தார், அவர் செய்தது சரிதான்.

விமானிகளிடம் மட்டும் கேட்டுவிட்டு எழுதாதீர்கள். என் உரையில் வந்த நல்ல விஷயங்களில் ஒன்று, விமானத்தைப் பராமரிக்கும் ஒரு சார்ஜென்ட் சொன்னது. பறந்து முடித்ததும் விமானத்தில் ஏதாவது கோளாறு இருந்தால் விமானி அதை ஃபார்ம் 700-இல் எழுத வேண்டும். சிலர் 'இன்ஜின் சத்தம் சரியில்லை' என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். அதை வைத்துக்கொண்டு டெக்னீஷியன் ராத்திரி முழுக்கத் தேட வேண்டும். அவன் அப்படி எழுத மாட்டானாம். எந்த உயரம், என்ன வேகம், த்ராட்டில் எங்கே இருந்தது, சத்தம் வந்ததா அதிர்வு வந்ததா என்று எல்லாம் இருக்குமாம். "அவர் எழுதினதைப் படிச்சா, எந்த மூடியைத் திறக்கணும்னு தெரிஞ்சிடும் சார்" என்றார். நான் வாசித்ததில் அம்மாவுக்குப் பிடித்தது அதுதான் என்று பின்னால் அவன் தங்கை சொன்னாள். வீட்டிலும் அவன் மளிகைச் சீட்டை அப்படித்தான் எழுதுவானாம், கடுகு எத்தனை கிராம், எந்தக் கடை என்பதுவரை.

சிரிப்பு வரலாமா என்று அந்த இளம் விமானி கேட்டார். வரட்டும். ஆனால் க்ரூ ரூம் சிரிப்பு வேறு, சபைச் சிரிப்பு வேறு. ரேடியோவில் கூப்பிட அவனுக்கு நாங்கள் வைத்திருந்த பட்டப்பெயரான கால் சைனின் கதையைச் சபையில் சொன்னால், சபைக் குருவான ஐயர் எழுந்து போய்விடுவார். அதற்குப் பதில், மெஸ்ஸில் அவன் சாம்பாரைப் பற்றி சமையல்காரரோடு நடத்திய நீண்ட போரைச் சொன்னேன். சபையே சிரித்தது.

இன்னொன்று. அதிகாரி இறந்தால் அவருடைய அறையிலிருக்கும் சொந்தச் சாமான்களைக் கணக்கெடுத்துக் குடும்பத்திடம் ஒப்படைக்க ஒரு சிறு குழு போடுவார்கள். கமிட்டி ஆஃப் அட்ஜஸ்ட்மென்ட் என்று பெயர். ஸ்க்வாட்ரன் நண்பர்களையே அதில் போடுவதுண்டு, நானும் அதில் இருந்தேன். அலமாரி, மேசை டிராயர், கடிதங்கள் எல்லாம் நம் கையால் எடுத்துப் பட்டியல் போட வேண்டும். அங்கே பார்த்த எதையும் நினைவுரையில் கொண்டுவராதீர்கள், எவ்வளவு அழகான விஷயமாக இருந்தாலும் சரி. அதை முதலில் பார்க்க வேண்டியவர்கள் வீட்டார். அவர்களே பிறகு சொல்லச் சொன்னால் சொல்லலாம்.

வாசிப்பைப் பற்றிக் கொஞ்சம். தமிழில் சொற்கள் நீளம். நிதானமாக வாசித்தால் நிமிடத்துக்கு 80, 90 சொல்தான் போகும். ஐந்து, ஆறு நிமிடம் போதும். 500 சொல்லுக்குமேல் எழுதினால் பாதியில் அவசரப்பட ஆரம்பித்துவிடுவீர்கள். பார்க்காமல் பேச முயலாதீர்கள். ஆயிரம் மேடை ஏறியவருக்கும் அன்றைக்கு வார்த்தை மறக்கும். தாளில் பெரிய எழுத்தில், ஒரு பக்கம் மட்டும் எழுதி, வாக்கியம் முடியாமல் பக்கம் திரும்பாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். சபையில் மின்விசிறி ஓடும், தாள் பறக்கும், அதனால் ஒரு அட்டையில் செருகிக்கொண்டு போவது நல்லது.

முந்தின நாள் சத்தமாக வாசித்துப் பாருங்கள். மனசுக்குள் படிக்கும்போது ஒன்றும் ஆகாது, சத்தமாக வாசிக்கும்போதுதான் எந்த இடத்தில் தொண்டை அடைக்கும் என்று தெரியும். எனக்கு 'உங்கள் பிள்ளை பார்த்தான்' என்ற இடத்தில் அடைத்தது. அங்கே பென்சிலால் கோடு போட்டு, அதற்கு முன் மூச்சு வாங்க நிறுத்தினேன். அந்த வரியை வாசிக்கும்போது அம்மாவைப் பார்க்காமல், எதிர்ச் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். இன்னொரு பிரதியை ஐயரிடம் முன்பே கொடுத்து, "நான் நின்றுவிட்டால் நீங்கள் இந்த இடத்திலிருந்து வாசித்துவிடுங்கள்" என்று சொல்லியிருந்தேன். தேவைப்படவில்லை. அவர் கையில் அது இருக்கிறது என்ற நினைப்பே என்னைத் தாங்கியது.

ஆராதனை முடிந்து வெளியே காப்பி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவன் அப்பா ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார், அன்றைக்கு அதுவரை யாரிடமும் அதிகம் பேசாதவர். என்னிடம் வந்து அந்தத் தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பிறகு, "லீடர் திரும்பும்போது வெளிப்பக்கம் இருக்கிறவன் அதிக தூரம் சுத்தணும். அதுக்குத்தானே வேகம் மிச்சம் வைக்கணும்கிறீங்க?" என்றார். ஆமாம் என்றேன். "உள்பக்கம் இருந்தா?" என்று கேட்டார். அப்போது குறைக்க வேண்டும், அதனால் லீடர் வேகத்தை ரொம்பக் குறைத்தும் வைக்கக் கூடாது என்றேன். ஆராதனை முறை அச்சிட்ட தாளின் பின்பக்கத்தில் இரண்டு வட்டம் போட்டுக் காட்டினேன். அவர் என் பேனாவை வாங்கி, சாயும் கோணத்தை எவ்வளவு வைப்பீர்கள் என்று கேட்டு, பக்கத்தில் கணக்குப் போட ஆரம்பித்தார். காப்பி ஆறிப்போன பிறகும் பேசிக்கொண்டிருந்தோம். நடுவில் ஒருமுறை தலை நிமிராமலே கேட்டார்: "அந்த நம்பர் டூ நீங்கதானே தம்பி?"

"ஆமாம்ப்பா" என்றேன். "அன்னைக்கு எந்தப் பக்கம் இருந்தீங்க?" என்றார். வலது பக்கம் என்று சொன்னதும், அந்தக் கணக்கை அடித்துவிட்டு முதலிலிருந்து போட்டார்.